துரை வெளிக்காட்டில் இருக்கிறார்: துரத்தாமல் முடிவு வாங்குவது எப்படி

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. கடித உறையில் புதுப் பெயரும் வாயில் பழைய பெயருமாக நாங்கள் இன்னும் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஊருக்கு வெளியே உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தின் அலுவலகத்தில் நான் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். எங்கள் மேனேஜர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். முதியவர்கள் மட்டும் அவரை இன்னும் துரை என்கிறார்கள்.

அவருக்கு இரண்டு தோட்டங்கள். காலை ஆறு மணிக்குள், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் நிற்பார், பிறகு வெளிக்காடு, பிறகு பதினோரு கிலோமீட்டர் தள்ளியுள்ள இன்னொரு தோட்டம், நடுவில் வட்டார அலுவலகத்தின் தொலைபேசி. என் மேசையில் கிடப்பவற்றில் பாதி அவர் ஒரு சொல் சொன்னால் நகரும். அந்த ஒரு சொல்லுக்காக நான் பல வருஷம் அவர் பின்னால் ஓடியிருக்கிறேன். அந்த ஓட்டம் எப்படிக் குறைந்தது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். வேறு தொழிலில் இருப்பவர்கள் குலைக்கும் லோரிக்கும் பதிலாகத் தங்கள் சரக்கை வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் நான் செய்த தவறு. வெளிநாட்டுத் தொழிலாளர் ஆறு பேரின் பெர்மிட் முடியும் தேதி நெருங்கியது. மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் (நாளிதழ்கள் புலனம் என்று எழுதுகின்றன, எங்கள் தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை) எழுதினேன்: “சார், ஆறு பேரின் பெர்மிட் முடியப் போகிறது. என்ன செய்யலாம்?” ஐந்து நிமிஷத்தில் கட்டைவிரல் படம் வந்தது. சரி என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்துவிட்டேன் என்பதுதான் அவர் சொன்னது. மூன்று வாரம் கழித்து, “அவர்களில் இரண்டு பேர் ஊருக்குத் திரும்புவதாகச் சொன்னார்களே, அதைக் கேட்டீர்களா அக்கா?” என்றார். நான் கேட்கவில்லை. எத்தனை பேருக்குப் புதுப்பிப்பது, செலவு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எதுவும் என் கேள்வியில் இல்லை. பதில் சொல்ல வேண்டுமென்றால் அவரே கோப்பை எடுத்து உட்கார்ந்து என் வேலையைச் செய்திருக்க வேண்டும். ஜீப்பில், தொலைபேசியில் ஒரு கையும் ஸ்டீயரிங்கில் ஒரு கையுமாக இருப்பவர் கட்டைவிரலைத்தான் அனுப்புவார்.

முதல் படி: அவருடைய நாளை இரண்டு வாரம் எழுதுங்கள்

ஒரு பள்ளி நோட்டில் இரண்டு வாரம் இரண்டே விஷயங்களைக் குறித்தேன். நான் எத்தனை மணிக்குக் கேட்டேன், அவர் எத்தனை மணிக்குப் பதில் சொன்னார். வேறு எதுவும் எழுதவில்லை.

நோட்டில் தெரிந்தது எனக்கே வியப்பாக இருந்தது. நான் பெரும்பாலும் மாலை நாலரை மணிக்கு, என் மேசையைச் சுத்தம் செய்யும்போது கேட்டிருந்தேன். அந்தச் செய்திகளில் பாதிக்கு மேல் பதிலே இல்லை. ஆலையிலிருந்தும் இரண்டு தோட்டத்திலும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர்களிடமிருந்தும் அன்றைய கணக்கு அவருக்கு வந்து குவியும் நேரம் அது, என் கேள்வி அடியில் போய்விடும். காலை ஆறே முக்காலுக்கு, பெரட்டு முடிந்து ஜீப்பில் ஏறுமுன், அவர் ஒரு கோப்பி குடிப்பார். அந்தப் பத்து நிமிஷத்தில் கேட்டவை எல்லாவற்றுக்கும் பதில் வந்திருந்தது. மதியம் இரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட அலுவலகம் வரும்போது இன்னொரு வாசல் திறக்கும்.

அன்றிலிருந்து மாலையில் எழுதுவேன், அனுப்புவது காலை ஆறு நாற்பதுக்கு. உங்கள் முதலாளிக்கு அந்தப் பத்து நிமிஷம் வேறெங்காவது இருக்கும். ஊகிக்காமல் எழுதிப் பாருங்கள். நான் ஊகித்திருந்தால் காலை நேரத்தைத் தொந்தரவு என்று விட்டிருப்பேன்.

இதே நோட்டு இன்னொன்றையும் காட்டும். சிலர் எழுத்துக்குப் பதில் சொல்வார்கள், சிலர் குரலுக்கு மட்டும். எங்கள் மேனேஜர் எண்களை எழுத்தில் கேட்பார், ஆட்களைப் பற்றியவற்றை நேரில்தான் பேசுவார். ஒரு தொழிலாளியின் சண்டையைப் பற்றி நான் எழுதிய எந்தச் செய்திக்கும் அவர் எழுத்தில் பதில் சொன்னதில்லை. அது அலட்சியமில்லை, பதிவாக இருக்கக் கூடாது என்ற எச்சரிக்கை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

இரண்டாம் படி: கேட்கவே தேவையில்லாதவற்றைக் கழியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகச் செய்தி எழுதும் உத்திக்குப் போகிறவர்கள் அதிகம். ஆனால் என் ஓட்டத்தில் பெரும்பகுதியைக் குறைத்தது இதுதான்.

தொலைபேசியில் மூன்று மாதம் பின்னால் போய், நான் அவரிடம் கேட்ட கேள்விகளை எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். நூற்றுக்குச் சற்று மேலே வந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் அவர் சொன்ன பதில். குடியிருப்பில் தண்ணீர்க் குழாய் உடைந்தது, ஆளைக் கூப்பிடலாமா? கூப்பிடுங்கள். குலை வெட்டும் அரிவாள் தீரப்போகிறது, வாங்கலாமா? வாங்குங்கள். இப்படி எப்போது கேட்டாலும் ஒரே பதில் வரும் கேள்விகள் பாதிக்கு மேல் இருந்தன. கேட்டுக் கேட்டு அவர் நேரத்தைத் தின்றது நான்தான்.

அந்தத் தாளை ஒரு மதியம் அவர் முன் வைத்தேன். “சார், இவற்றுக்கு எல்லாம் ஒவ்வொரு முறையும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். இனி நானே செய்துவிட்டு வெள்ளிக்கிழமை ஒரே பட்டியலாகத் தரட்டுமா?” என்றேன். பத்து நிமிஷம் படித்தார். குழாய், மின்விளக்கு மாதிரிப் பழுதுக்கு 300 ரிங்கிட் வரை, கருவிகளுக்கு மாத ஒதுக்கீட்டுக்குள், என்று எல்லை வைத்தார். ஒன்றை மட்டும் அடித்தார்: சம்பள முன்பணம். “அதிலும் நீங்கள் எப்போதும் சரி என்றுதானே சொன்னீர்கள்?” என்று கேட்டேன். “முன்பணம் யார் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டும் அக்கா. வீட்டில் என்னவோ நடக்கிறது என்று அர்த்தம்,” என்றார்.

ஆகவே பட்டியல் போடும்போது, ஒரே பதில் வந்த எல்லாமே உங்கள் கைக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். சில கேள்விகளை அவர் பதிலுக்காக வைத்திருக்க மாட்டார், செய்திக்காக வைத்திருப்பார். அடிக்கப்பட்டதை வாதிடாமல் விட்டுவிடுங்கள். மற்றதன் எல்லையை எண்ணோடு எழுதி, அவருக்கே ஒரு வரியில் திருப்பி அனுப்பி வையுங்கள். “சின்னச் செலவுகள்” என்று எழுதினால் அடுத்த மேனேஜர் வந்த மறுநாளே அது செல்லாது.

வெள்ளிக்கிழமைப் பட்டியலை ஒரு வாரம்கூடத் தவறவிடாதீர்கள். அவர் படிக்காத வாரமும் உண்டு. ஆனாலும் அது வராமல் நின்றால் அதிகாரமும் சேர்ந்து நின்றுவிடும்.

மூன்றாம் படி: தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

“சீக்கிரம் சொல்லுங்கள்” என்பது தேதி ஆகாது. “அவசரம்” என்பதும் ஆகாது, ஏனென்றால் அவருக்கு வரும் எல்லாமே அவசரம்தான்.

சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் 1955 வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அப்படியானால் மேனேஜரின் கையெழுத்து 7ஆம் தேதிக்குள் வேண்டும் என்று ஒரு புதிய கிராணி நினைப்பார். பின்னாலிருந்து எண்ணுவோம். 7ஆம் தேதி ஞாயிறு என்று வையுங்கள். சிலாங்கூரில் சனியும் ஞாயிறும் வார விடுமுறை, எனவே பணம் 5ஆம் தேதி வெள்ளிக்குள் போய்ச் சேர வேண்டும். வங்கிக்குக் கோப்பு ஒரு வேலைநாள் முன்பாக, அதாவது 4ஆம் தேதி மாலைக்குள் போக வேண்டும். கையெழுத்து அன்று மதியம். 4ஆம் தேதி வியாழன் அவருக்கு ஆலையில் கூட்டம் என்றால், 3ஆம் தேதி இரண்டு மணிக்கு அவர் முன்னால் செக்ரோல் என்னும் சம்பளப் பேரேடு இருந்தாக வேண்டும். 7 என்று தொடங்கியது 3-இல் வந்து நிற்கிறது.

இந்தக் கணக்கை அவருக்கும் ஒரு வரியில் காட்டுங்கள். ஒரு காலத்தில் நான் காட்டாமல், இரண்டு நாள் முன்தள்ளிப் பொய்த் தேதி சொல்லிக்கொண்டிருந்தேன். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று. ஒருமுறை நான் சொன்ன கடைசி நாள் தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லை என்பதை அவர் கவனித்துவிட்டார். அதன் பிறகு நான் சொல்லும் ஒவ்வொரு தேதியோடும் மனசுக்குள் இரண்டு நாளைக் கூட்டிக்கொண்டார், உண்மையான தேதிகள் உட்பட. அதைச் சரிசெய்ய ஆறு மாதம் பிடித்தது. உண்மைத் தேதியையும் அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் வழி: “3ஆம் தேதி, ஏனென்றால் 4ஆம் தேதி நீங்கள் ஆலையில்.”

நான்காம் படி: செய்தியை எழுதுங்கள்

இதை ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன், சற்று விரிவாகவே.

ஒரு நவம்பர் மாதம், திங்கள் இரவு முழுவதும் மழை. செவ்வாய்க் காலை டிராக்டர் ஓட்டுநர் வந்து, 14ஆம் பிளாக்குக்குப் போகும் வழியில் மண்சாலைக்கு அடியில் இருந்த சிமெண்ட் குழாய் இடிந்து சாலை உள்வாங்கிவிட்டது என்றார். அதற்கு அப்பால் 14, 15 பிளாக்குகள், இரண்டும் சேர்ந்து 60 ஹெக்டர். அறுவடைச் சுற்று அங்கே வியாழக்கிழமை தொடங்க வேண்டும். லோரி போகாது.

செம்பனையில் இது வெறும் சாலைப் பிரச்சினையாக நிற்காது. வெட்டிய குலை ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். கிடந்தால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் இறங்கும். வெட்டாமல் விட்டால் பழம் முற்றி உதிரும், உதிரிப் பழத்தைப் பொறுக்க ஆள் கூடுதலாக வேண்டும், பொறுக்காமல் விட்டது மண்ணுக்குத்தான். இது மேனேஜருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே செய்தியில் அதை விளக்க வேண்டியதில்லை.

பழைய நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: “சார், 14ஆம் பிளாக் சாலை இடிந்துவிட்டது, லோரி போகாது, வியாழன் அறுவடை, என்ன செய்வது?” படமும் மூன்று சேர்த்திருப்பேன்.

இந்த முறை அனுப்புமுன் செவ்வாய் மதியம் வரை வேலை செய்தேன். நல்ல மாதமும் மோசமான மாதமும் சேர்த்துப் பார்த்தால் அந்த 60 ஹெக்டரில் மாதத்துக்கு 90 டன் வரும், மாதம் இரண்டு சுற்று, எனவே இந்தச் சுற்றில் 45 டன். குத்தகையாளரைக் கூப்பிட்டுக் குழாய் மாற்ற மதிப்பீடு வாங்கினேன்: 8,600 ரிங்கிட், தண்ணீர் வடிந்த பிறகு மூன்று நாள் வேலை. மேனேஜரின் கையெழுத்து எல்லை 5,000. அதற்கு மேல் வட்டார அலுவலகம் ஒப்ப வேண்டும். மண்டோர் ஒரு வழி சொன்னார்: பின்புறம் ஒரு சிறுதோட்டக்காரரின் நிலத்தின் வழியாகச் சின்ன லோரி வரலாம். அந்த ஓட்டத்துக்கு டன்னுக்கு 18 ரிங்கிட் கூடுதல், 45 டன்னுக்கு 810.

சாலை இடிந்த செய்தியைக் காலையிலேயே ஒரு வரியில் சொல்லியிருந்தேன்: “14ஆம் பிளாக் சாலைக் குழாய் இடிந்தது, ஆளுக்குக் காயமில்லை, பாதையை மறித்துவிட்டோம். வழிகளும் செலவும் நாளைக் காலை தருகிறேன்.” கெட்ட செய்தி உடனே போக வேண்டும், கேள்வி தயாரான பிறகு போகலாம். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால், தயாராகும்வரை கெட்ட செய்தியும் உங்கள் மேசையில் கிடக்கும். அதற்குள் அவர் அதை வேறொருவர் வாயால் கேட்டுவிடுவார், பிறகு நீங்கள் கொண்டுபோகும் எந்தக் கணக்கும் எடுபடாது.

புதன் காலை ஆறு நாற்பதுக்கு அனுப்பியது இது. நான் மலாயில்தான் எழுதினேன், தமிழில் தருகிறேன்:

> 14, 15 பிளாக் அறுவடை. இன்று 2 மணிக்குள் உங்கள் முடிவு தேவை.
>
> என் பரிந்துரை: இந்தச் சுற்றுக்கு மட்டும் பின்பக்க வழியில் சின்ன லோரி. கூடுதல் செலவு 810 ரிங்கிட் (45 டன்). குழாய் மாற்றுவதற்கு 8,600, வட்டார ஒப்புதல் வேண்டும், கடிதம் உங்கள் மேசையில் கையெழுத்துக்குத் தயார்.
>
> பார்த்த வேறு வழி: சுற்றை ஐந்து நாள் தள்ளுவது. உதிரிப் பழம் கூடும் என்பதால் பரிந்துரைக்கவில்லை.
>
> ஏன் 2 மணி: லோரிக்காரர் மாலைக்குள் வண்டி ஒதுக்க வேண்டும்.
>
> பதில் வராவிட்டால்: நில உரிமையாளரிடம் வழி கேட்டு மட்டும் வைக்கிறேன். லோரிக்குச் சொல்ல மாட்டேன்.
>
> “சரி” என்று ஒரு சொல் போதும்.

ஒவ்வொரு வரியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தொலைபேசித் திரையில் செய்தியைத் திறக்காமலே தெரிவது முதல் வரி மட்டும். எனவே எதைப் பற்றி, எப்போதுக்குள் என்பது அங்கேயே இருக்க வேண்டும். “காலை வணக்கம் சார், நலமா” என்று தொடங்கினால் திரையில் தெரிவது வணக்கம்தான். மரியாதை குறைந்துவிடுமோ என்று எனக்கும் முதலில் கூசியது. நேரில் பார்க்கும்போது வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

பரிந்துரை முன்னால், மற்ற வழிகள் பின்னால். மூன்று வழிகளைச் சம எடையில் வைத்து “நீங்களே சொல்லுங்கள்” என்பது பணிவு போலத் தெரியும், ஆனால் யோசனையை அவர் தலையில் ஏற்றுகிறது. உங்கள் பரிந்துரை தவறானால் அவர் “வேண்டாம்” என்பார், அதுவும் முடிவுதான். தவறான பரிந்துரைக்கு வரும் பதில், வெறும் கேள்விக்கு வரும் பதிலைவிட வேகமாக வரும்.

“பதில் வராவிட்டால்” என்ற வரிதான் துரத்தலை நிறுத்துகிறது. அதைத்தான் அதிகம் பேர் தவறாகவும் எழுதுகிறார்கள். அதற்குத் தனி இடம் வேண்டும்.

“பதில் வராவிட்டால்” வரியின் எல்லை

பதில் வராவிட்டால் முழு வேலையையும் செய்துவிடுவேன் என்று நான் எழுதவில்லை. நில உரிமையாளரிடம் வழி கேட்டு வைப்பது திருப்பிக்கொள்ளக் கூடியது, நாளை “வேண்டாம் அண்ணே, தேவைப்படவில்லை” என்று சொல்லிவிடலாம். லோரிக்குச் சொன்னால் காசு ஓடத் தொடங்கும். முடிவைத் திருப்பக்கூடிய பாதி, திருப்ப முடியாத பாதி என்று பிரித்து, முதல் பாதியை மட்டும் இந்த வரியில் வையுங்கள். அவர் தாமதித்தாலும் நேரம் முழுதாக வீணாகாது, அவர் கையும் கட்டப்படாது.

என் எல்லைக்கு மேற்பட்ட பணம், ஆளை வேலையை விட்டு நிறுத்துவது அல்லது எச்சரிக்கைக் கடிதம், பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, தோட்டத்துக்கு வெளியே போகும் கடிதம், இவற்றை அந்த வரியில் ஒருபோதும் எழுதுவதில்லை. இவற்றில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்தால், விஷயம் சரியாக முடிந்தாலும் நம்பிக்கை முடிந்துவிடும்.

இந்த முறையையே தொடங்குமுன் அவரிடம் ஒருமுறை பேசி ஒப்புதல் வாங்குங்கள். சொல்லாமல் தொடங்கினால் மிரட்டுவது போல இருக்கும். இளையவரான ஒரு கிராணி எங்கள் மேனேஜருக்கு “பதில் இல்லையென்றால் நான் செய்துவிடுவேன்” என்று எழுதி வாங்கிக்கட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் ஒருமுறை என்னைக் கவிழ்த்தது. வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு குறி இருந்தால் செய்தி அவர் தொலைபேசியைச் சேரவே இல்லை. ஆற்றங்கரைப் பக்கப் பிளாக்குகளில் அலை கிடைக்காது. இரண்டு மணி என்று நான் கெடு வைத்தேன், அவர் மூன்று மணிக்குத்தான் அலைக்குள் வந்தார். அவருடைய மௌனம் மௌனமே இல்லை. எனவே கெடுவுக்கு ஒரு மணி நேரம் முன் குறியைப் பாருங்கள். ஒன்று என்றால் அவருடன் இருக்கும் மண்டோரையோ ஓட்டுநரையோ கூப்பிட்டு, “சாரை என் செய்தியைப் பார்க்கச் சொல்லுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். விஷயத்தை அவர்கள் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். 810 ரிங்கிட் மண்டோர் வாயில் எட்டாயிரமாகப் போய்ச் சேரும்.

ஐந்தாம் படி: பதில் வரவில்லை என்றால் எந்த வகை மௌனம் என்று பாருங்கள்

புதன் காலை ஏழு மணிக்கு “லோரி சரி” என்று வந்துவிட்டது. வியாழன் அறுவடை நடந்தது. ஆனால் குழாய்க்கான கடிதம் அவர் மேசையில் அப்படியே கிடந்தது. திங்கள் கேட்டேன், “பார்க்கிறேன்” என்றார். புதன் கேட்டேன், “பார்க்கிறேன் அக்கா.” மூன்றாம் முறையும் அதே கேள்வியைக் கேட்கப் போன என்னை நானே நிறுத்திக்கொண்டேன்.

வேலை மும்முரத்தில் பதில் சொல்லாதவர், நேரில் நின்றால் சொல்லிவிடுவார். எதிரில் நின்றும் “பார்க்கிறேன்” என்பவரிடம் வேறு ஏதோ இருக்கிறது. ஒன்று, அவருக்கு ஒரு தகவல் போதவில்லை. அப்படியென்றால் அவர் ஏதாவது கேள்வி கேட்பார், “அந்த மதிப்பீடு ஒருவரிடம் மட்டும்தான் வாங்கினீர்களா?” என்பது போல. இரண்டு, முடிவு அவருடையது இல்லை, மேலே கேட்க அவருக்குத் தயக்கம். அப்போது கேள்வி வராது, பேச்சு வேறு பக்கம் போகும். மூன்று, அவருக்குப் பிடிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்ல மனமில்லை. அப்போது அவர் விஷயத்தின் அளவைக் குறைத்துப் பேசுவார்: “அவ்வளவு மோசமா என்ன?”

எங்கள் மேனேஜர் பேச்சை மாற்றினார். யோசித்தேன். வருஷ ஒதுக்கீட்டில் சாலைப் பராமரிப்புக்கு வைத்த பணம் அக்டோபரிலேயே தீர்ந்திருந்தது, கணக்கு வைப்பதே நான்தானே. மேலும் 8,600 கேட்டால் வட்டார அலுவலகத்தில் முதல் கேள்வி, “ஏன் முன்கூட்டியே திட்டமிடவில்லை” என்பதாக இருக்கும். அந்தக் கேள்வியை வாங்கிக்கொள்ளப் போவது அவர், நான் இல்லை.

எனவே திரும்பக் கேட்பதை விட்டுக் கடிதத்தை மாற்றினேன். முதல் கடிதம், குழாய் இடிந்தது, 8,600 தேவை என்றது. இரண்டாவதில் அந்த முதல் கேள்விக்கு விடை இருந்தது: குழாய் எந்த வருஷம் போட்டது, அந்த மழை இரவு மழைமானியில் எவ்வளவு காட்டியது, சின்ன லோரி வழியிலேயே போனால் மாதம் இரண்டு சுற்றுக்கு 1,620 ரிங்கிட். ஆறு மாதம் தள்ளினால் 9,720, குழாயின் விலையையே தாண்டுகிறது. இந்தப் பணத்தை உரம் கொட்டும் வேலையின் கூலியில் மிஞ்சியதிலிருந்து மாற்றிக்கொள்ளலாம் என்றும் எழுதினேன். அந்த மிச்சம் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மழையால் அந்தச் சுற்று உரமிடலை நிறுத்தியிருந்தோம்.

கடிதத்தை மதியம் இரண்டு மணிக்கு வைத்தேன். படித்தார், மழைமானிக் கணக்கை மட்டும் ஒருமுறை சரிபார்க்கச் சொன்னார், கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் முறை கேட்கும்போது ஏதாவது ஒன்று புதிதாக இருக்க வேண்டும்: ஒரு எண், ஒரு தேதி, ஒரு தயாரான கடிதம். புதிதாக எதுவும் இல்லையென்றால் கேட்கும் நேரம் வரவில்லை. மூன்றாம் வகை மௌனத்துக்கு மட்டும் வேறு மருந்து. அங்கே, “சார், இதை இந்த வருஷம் விட்டுவிடலாமா?” என்று நீங்களே வேண்டாம் என்பதற்கு வாசலைத் திறந்துவிடுங்கள். பெரும்பாலும் நிம்மதியாக ஆமாம் என்பார். ஒரு கோப்பு மூடும்.

ஆறாம் படி: வாரம் ஒரு முறை உட்காருங்கள், முடிவை எழுதுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். செவ்வாய் இரண்டு மணிக்கு இருபது நிமிஷம் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு பக்கம். மேலே அந்த வாரம் முடிவு தேவைப்படுபவை, மூன்றுக்கு மேல் எழுதுவதில்லை. கீழே, தெரிந்துகொள்ள மட்டும் என்று ஐந்தாறு வரி. கெடு நெருங்கியதை முதலில் எடுப்பேன், ஏனென்றால் ஏழாம் நிமிஷத்தில் தொலைபேசி அடிக்கும், கூட்டம் அங்கேயே முடியும். எளிதானதில் தொடங்கி வேகம் பிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தொலைபேசி அடிக்காத அலுவலகத்தில் அது சரிவரும்.

முடிவு வந்ததும், அன்றே அவருக்கு ஒரு வரி: “பேசியபடி, குழாய் வேலை அந்தக் குத்தகையாளருக்கு, 8,600, வெள்ளி தொடங்கும்.” அதையே தேதியோடு ஒரு தடிப் புத்தகத்திலும் எழுதுவேன். நான் தவறாகக் கேட்டிருந்தால் அவர் அன்றே திருத்துவார். இரண்டு முறை திருத்தியிருக்கிறார், அதில் ஒரு முறை தொகையே தவறு. நிலைத்த செம்பனை எண்ணெய் உற்பத்திக்கான மலேசியச் சான்றிதழான எம்.எஸ்.பி.ஓ 2020 முதல் தோட்டங்களுக்குக் கட்டாயமானதால் தணிக்கையாளர்கள் வந்து தாள்களைக் கேட்பார்கள். அந்தப் புத்தகம் அப்போதும் கைகொடுத்தது, ஆனால் நான் அதற்காகத் தொடங்கவில்லை. “நான் எப்போது சொன்னேன்?” என்ற கேள்வி எங்கள் இருவருக்கும் இடையே வராமல் இருக்கத்தான் தொடங்கினேன்.

குழாய் வேலை வெள்ளிக்கிழமை தொடங்கவில்லை. வியாழன் இரவு மறுபடி மழை, தண்ணீர் வடியத் திங்கள் ஆனது. அடுத்த அறுவடைச் சுற்று அதற்குள் வந்துவிட்டது. காலை ஆறு நாற்பதுக்கு எழுதினேன்: “குழாய் வேலை திங்களுக்குத் தள்ளியது. இந்தச் சுற்றும் பின்பக்க வழிதான், 810. போன முறை ஒத்துக்கொண்டபடியே செய்யட்டுமா?” ஏழு மணிக்குக் கட்டைவிரல் வந்தது. நான் அவர் கோப்பி குடிக்கும் இடத்துக்கு நடந்து போய், “சார், இது சரி என்பதா, பார்த்தேன் என்பதா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “சரி என்பதுதான் அக்கா,” என்று தொலைபேசியை எடுத்து அந்த ஒரு சொல்லைத் தட்டினார்.